மாட்டுக்கு வேலி, மயிலுக்குக் கூரை: ஜமுனாமரத்தூர் சரிவுத் தோட்டத்தில் எது வேலை செய்யும்?

ஊரில் இருக்கும் அம்மாவிடமிருந்து காலையில் வரும் போன் பெரும்பாலும் இரண்டு விதம். "கீரைப் பாத்திய மயிலு கிளறிப் போட்டுடுச்சு" என்பது ஒன்று. "ராத்திரி யாரு மாடோ உள்ள பூந்துடுச்சு" என்பது இன்னொன்று. சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்திருக்கும் நாம் என்ன செய்வோம்? போனை எடுத்து "மயில் விரட்டி" என்று தேடுவோம். ஏதோ ஒரு சோலார் கருவி, ஒரு மூட்டை பளபள ரிப்பன், ஒரு மெல்லிய நைலான் வலை வரும். காசு போய்விடும். அடுத்த மாதம் அதே போன் மறுபடி வரும்.

காரணம் எளிது. மயிலும் மாடும் தோட்டத்துக்குள் வரும் விதமே வேறு. மாடு தள்ளிக்கொண்டு வரும். மயில் மேலே எழும்பி, பார்த்து, இறங்கும். ஒரே வேலியால் இரண்டையும் நிறுத்தப் பார்த்தால் செலவு இரட்டிப்பாகும், இரண்டும் உள்ளே வரும். மாட்டை எல்லையில் நிறுத்த வேண்டும். மயிலை பாத்தியில்தான் நிறுத்த முடியும்.

இதை ஜவ்வாது மலையை வைத்துப் பேசக் காரணம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜமுனாமரத்தூர் தாலுகாவில் வீட்டுத் தோட்டம் என்றால் பெரும்பாலும் சமதரை கிடையாது. சரிவை வெட்டி, கல்லை அடுக்கி வரப்பு கட்டி, படிப்படியாக நிலம் எடுத்திருப்பார்கள். பக்கத்திலேயே காடு. சாமை மாதிரி மானாவாரிப் பயிர் அறுவடை முடிந்துவிட்டால் தாள் மேய மாடுகளை அவிழ்த்து விடுவதும் வழக்கம். அப்போது அக்கம்பக்கத்தில் பச்சையாக இருப்பது உங்கள் வீட்டுக் கத்தரிச் செடி மட்டும்தான். சமதரைக்கு எழுதிய வேலிக் குறிப்புகள் இங்கே ஏன் தோற்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், வந்தது யார்?

வேலி போடும் முன் இரண்டு மூன்று நாள் காலையில் தோட்டத்தைச் சுற்றி வந்தாலே விடை கிடைக்கும். மாடு மேய்ந்த செடியின் தண்டு சீராக வெட்டியதுபோல இருக்காது. மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல் இல்லை. நாக்கால் சுற்றி இழுத்துப் பிய்க்கும். அதனால் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். குளம்படி, சாணம் எல்லாம் சொல்லவே வேண்டாம்.

மயில் வந்த பாத்தியில் மூன்று விரல் முன்னோக்கிய பெரிய தடங்கள் இருக்கும். முளைத்த விதை பிடுங்கப்பட்டிருக்கும், தக்காளியில் கொத்திய குழி இருக்கும். இன்னொரு அடையாளம் பலருக்குத் தெரியாது. புதிதாகக் கொத்திய பொலபொல மண்ணில் சட்டி அளவுக்கு வட்டமான பள்ளம் இருந்தால் அது மயிலின் புழுதிக் குளியல். சிறகில் உள்ள பூச்சி, பேன் போக அது மண்ணில் புரளும். நீங்கள் நாற்று விடத் தயார் செய்த பாத்திதான் அதற்கு ஏரியாவிலேயே பெஸ்ட் பாத்ரூம்! கீரைப் பாத்தி மிதிபட்டுக் கிடப்பதற்கு பசியை விட இதுதான் பல நேரம் காரணம்.

மண் நீளமாக உழுததுபோலப் புரண்டு, கிழங்கு காணாமல் போயிருந்தால் அது காட்டுப்பன்றி. அதற்கான வேலி முற்றிலும் வேறு, இங்கே அதைப் பேசப்போவதில்லை.

மயில் விஷயத்தில் எல்லைக்கோடு எங்கே?

1963-ல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. விஷம் கலந்த தானியம், கண்ணி, சுருக்கு எல்லாமே வேட்டைக் குற்றம். குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, கூடவே அபராதம். "நான் எலிக்குத்தான் வச்சேன்" என்று சொன்னாலும் செத்தது மயில் என்றால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். எனவே இந்த விளையாட்டில் நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: மயிலை இறங்க விடாமல் செய்வது.

மயில் எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள். பறக்கத் தெரிந்தாலும் பெரும்பாலும் நடந்துதான் வரும். வேலியைப் பார்த்தால் நிற்கும், ஓரமாக நடந்து இடுக்கு தேடும். இல்லையென்றால் எழும்பி கல்தூணின் உச்சியிலோ, கேட்டின் மேலோ, மதிலிலோ உட்கார்ந்து உள்ளே ஒரு பார்வை பார்க்கும். ஆபத்து இல்லை என்று தோன்றினால் உள்ளே குதிக்கும். 4 கிலோ, 5 கிலோ எடையுள்ள பறவை, 6 அடி வேலியை மிகச் சாதாரணமாகத் தாண்டும். சுற்றிலும் 8 அடிக்குக் கம்பி வலை அடித்தாலும் கூரை திறந்திருந்தால் பலன் இல்லை. பெரும் செலவு செய்து பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆன்லைனில் விற்கும் அல்ட்ராசானிக் கருவிகள் பற்றி ஒரு வார்த்தை. அல்ட்ராசானிக் என்றால் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி. பறவைகளின் காது அந்த அளவுக்குக் கேட்காது. கருவி ஓடிக்கொண்டே இருக்கும், மயில் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். பளபள ரிப்பன், பழைய சிடி, வெள்ளை வேட்டி கட்டிய பொம்மை இவை கொஞ்ச நாள் வேலை செய்யும். மயில் பழகிவிட்டால் முடிந்தது கதை. விதை முளைக்கும் முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் கட்டி, இடத்தை மாற்றி மாற்றி வைத்து, பிறகு கழற்றிவிட்டால் அவற்றுக்கும் ஒரு பயன் உண்டு. வருஷம் முழுக்கத் தொங்க விட்டால் அது அலங்காரம்தான்.

மாடு எங்கே உடைக்கும்?

மாடு வேலியைத் தாண்டிக் குதிப்பது அபூர்வம். அது செய்வது வேறு. கம்பிக்கு இடையில் தலையை விட்டு எட்டும் வரை மேயும். கழுத்தை அழுத்தி கம்பியைத் தொய்ய வைக்கும். தூணில் உடம்பைத் தேய்க்கும். ஒரு வாரம் இப்படிப் போனால் ஒரு தூண் சாயும், ஒரு கம்பி தளரும், ஒரு நாள் ராத்திரி வழி திறந்துவிடும். ஒருமுறை உள்ளே வந்து ருசி கண்ட மாடு அந்த இடத்தை மறக்காது.

ஆகவே மாட்டு வேலிக்கு உயரத்தை விட முக்கியம் இழுவிசை. கம்பி வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக நிற்க வேண்டும். அந்த விறைப்பு முழுவதையும் தாங்குவது மூலைத் தூண்கள். மூலையில் நிற்கும் கல்லுக்காலுக்கு இரண்டு பக்கமும் சாய்வாக முட்டுக்கல் கொடுக்காமல் கம்பியை இழுத்தால், முதல் மழையில் மண் இளகியதும் மூலைத் தூண் உள்பக்கம் சாயும். மற்ற தூண் எல்லாம் நேராக இருந்தும் வேலி தொளதொள என்று ஆகிவிடும். வேலி போட்டு முடித்ததும் சரிபார்க்க ஒரு வழி: நடுக்கம்பியை உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். ஒரு சாண் அளவுக்கு உள்ளே போனால் மாட்டின் கழுத்துக்கு அது வாசல்.

சரிவு செய்யும் மோசடி

மலைத் தோட்டத்தில் எல்லோரும் தவறவிடும் விஷயம் இது. வேலியின் உயரத்தை நீங்கள் உங்கள் பக்கத்தில் நின்று அளக்கிறீர்கள். மாடோ அதன் பக்கத்தில் நின்று அளக்கிறது.

உங்கள் தோட்டத்தின் மேல்பக்கத்தில் 3 அடி உயரக் கல்வரப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிவாரத்தை ஒட்டி நாலரை அடி வேலி போடுகிறீர்கள். கீழே நின்று பார்த்தால் நெஞ்சுயரத்துக்கு இருக்கும், திருப்தியாக இருக்கும். மேலே வரப்பின் மீது நிற்கும் மாட்டுக்கு அதே வேலி ஒன்றரை அடிதான்! குதிக்கக்கூட வேண்டாம், கால் தூக்கி வைத்தால் போதும். மயிலுக்கு இன்னும் வசதி. வரப்பிலிருந்து ஒரு சிறகடி.

இதற்கு இரண்டு தீர்வு. மேல் வரப்பு உங்களுடையது என்றால் வேலியை வரப்புக்கு மேலே கொண்டு போங்கள். ஆனால் கல் அடுக்கின் விளிம்பிலேயே குழி தோண்டக் கூடாது. காரை இல்லாமல் அடுக்கிய கல்வரப்பு, உள்ளே இருக்கும் மண்ணின் பிடியில்தான் நிற்கிறது. விளிம்பில் கடப்பாரை போட்டால் அந்த மழைக்காலத்திலேயே வயிறு தள்ளிச் சரியும். விளிம்பிலிருந்து 2 அடியாவது உள்ளே தள்ளித் தூண் நடுங்கள்.

மேல் வரப்பு பக்கத்து நிலத்துக்காரருடையது என்றால், வேலியை வரப்பின் அடியிலிருந்து 6 அடி தள்ளி உங்கள் நிலத்துக்குள் போடுங்கள். மாடு வரப்பிலிருந்து இறங்கி வந்தாலும் முழு உயர வேலிக்கு எதிரே நிற்கும். அந்த 6 அடிப் பட்டையை வீணாக விட வேண்டாம். நொச்சி, ஆடாதொடை போன்ற, கால்நடை வாய் வைக்காத செடிகளை அதில் வைக்கலாம். ஆடாதொடைக்கு அந்தப் பெயர் வந்ததே ஆடு தொடாததால்தான் என்பார்கள்.

கீழ்ப்பக்கத்தில் கதை தலைகீழ். அங்கே உங்கள் வரப்பே மாட்டுக்குச் சுவர். 3 அடி வரப்புக்கு மேலே மூன்று வரிசைக் கம்பி இருந்தாலே மாட்டுக்கு மொத்தம் 5 அடிக்கு மேல் ஆகிவிடும். மேலே கூடுதலாகச் செலவழித்ததைக் கீழே மிச்சம் பிடித்துவிடலாம்.

5 சென்ட்டுக்கு ஒரு கணக்கு

சரி, அப்போ எவ்வளவு பொருள் வேணும்? சரிவுக்குக் குறுக்கே 55 அடி நீளமும், மேலிருந்து கீழாக 40 அடி அகலமும் உள்ள தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2,200 சதுர அடி, ஏறக்குறைய 5 சென்ட். சுற்றளவு 190 அடி. மேல் வரப்பும் உங்களுடையது, கீழ் வரப்பு 3 அடி உயரம்.

தூண்களை 8 அடிக்கு ஒன்றாக நட்டால் 24 வேண்டும், கேட்டுக்காகக் கூடுதலாக 2, ஆக 26 கல்லுக்கால். 7 அடிக் கல் வாங்கி 2 அடியை மண்ணுக்குள் இறக்கினால் 5 அடி வெளியே நிற்கும். மூலைக்கு இரண்டாக 8 முட்டுக்கல், கேட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மொத்தம் 10. மலையில் பாறை தட்டினால் 2 அடி இறங்காது. அந்த இடத்தில் தூணை ஓரிரு அடி நகர்த்துங்கள். ஒரு அடி ஆழத்தில் நட்டு சிமென்ட் போட்டு ஏமாற்றினால் மாடு தேய்த்தே பிடுங்கிவிடும்.

முள்கம்பி மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் 5 வரிசை. முதல் கம்பி தரையிலிருந்து 12 அங்குலம், பிறகு 10 அங்குலத்துக்கு ஒன்று. கடைசிக் கம்பி 52 அங்குலத்தில் வரும். இந்த மூன்று பக்கமும் சேர்ந்து 135 அடி, கேட்டுக்கு 4 அடி கழித்தால் 131. ஐந்து வரிசைக்கு 655 அடி. கீழ்ப்பக்கம் 55 அடிக்கு 3 வரிசை, 165 அடி. இரண்டும் சேர்த்து 820. முடிச்சு, சுற்று என்று 10 சதவீதம் சேர்த்து 900 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கம்பியை எடைக்குத்தான் தருவார்கள். கேஜ் சொன்னால் ஒரு கிலோவுக்கு எத்தனை அடி ஓடும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதை வைத்து நீங்களே கிலோவாக மாற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஊரில் ஆடும் சுற்றுகிறது என்றால் கீழே இரண்டு கம்பிக்கு நடுவில் இன்னொரு கம்பி தேவைப்படும். அல்லது 3 அடிக்குக் கம்பி வலை அடிக்கலாம். ஆனால் சரிவில் கம்பி வலைக்கு ஒரு பிரச்சினை உண்டு. மழைத் தண்ணீர் கொண்டு வரும் சருகும் குச்சியும் வலையின் அடியில் சேர்ந்து ஒரு குட்டி அணையாகிவிடும், பின்னால் தேங்கும் தண்ணீர் வேலியையே சாய்க்கும். தண்ணீர் ஓடும் தடம் எதுவென்று மழை பெய்யும்போதே பார்த்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் வலையைத் தரையில் கட்டாமல் மேலிருந்து தொங்கவிடுங்கள். தண்ணீர் வரும்போது தானாகத் தள்ளிக்கொண்டு திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும்.

கேட்டை மறந்துவிடாதீர்கள். மாடு உள்ளே வரும் வழியில் முதலிடம் திறந்து கிடக்கும் படலுக்குத்தான். கயிறு கட்டி மூடும் மூங்கில் படல் என்றால், கை நிறைய சாமானுடன் வரும் யாரும் அதைத் திரும்பக் கட்ட மாட்டார்கள். கேட்டை கொஞ்சம் சாய்வாகத் தொங்கவிட்டு தன் எடையிலேயே மூடிக்கொள்ளும்படி செய்வது சின்ன வேலை. வேலி முழுவதையும் காப்பாற்றுவது அந்தச் சின்ன வேலைதான்.

இப்போது மயிலுக்கு

2,200 சதுர அடிக்கும் கூரை போட வேண்டியதில்லை. மயிலால் சேதமாவது முளை, நாற்று, கீரை, பழுக்கும் தக்காளி. நன்றாக வேர் பிடித்து ஒன்றரை அடி வளர்ந்த கத்தரியையோ வெண்டையையோ மயில் பெரிதாக ஒன்றும் செய்யாது. எனவே வலை இருக்க வேண்டியது இளம் பயிர் இருக்கும் பாத்தியின் மேல் மட்டும், அதுவும் முதல் 30, 40 நாளைக்கு. பிறகு கழற்றி அடுத்த பாத்திக்குக் கொண்டு போகலாம். இரண்டு பாத்திக்கு வாங்கிய வலை வருஷம் முழுக்கத் தோட்டத்தைச் சுற்றி வரும்.

4 அடி அகலம், 20 அடி நீளமுள்ள ஒரு பாத்திக்குச் செய்முறை இது. முக்கால் அங்குல பிவிசி பைப்போ, கெட்டியான கறுப்பு ஹோஸோ எடுத்து எட்டரை அடித் துண்டுகளாக வெட்டுங்கள். பாத்தியின் ஒரு ஓரத்தில் ஒரு அடி ஆழம் செருகி, வளைத்து, மறு ஓரத்தில் ஒரு அடி செருகினால் நடுவில் 2 அடி உயரமுள்ள அரைவட்ட வளைவு கிடைக்கும். 4 அடிக்கு ஒன்றாக 6 வளைவு. வளைவுகளின் உச்சியைச் சேர்த்து ஒரு கயிறை இழுத்துக் கட்டினால் வலை நடுவில் தொங்காது. அதன் மேல் 10 அடி அகல வலையை விரித்து, இரு ஓரமும் தரையில் படியும் பகுதியின் மேல் நெருக்கமாகக் கல் வையுங்கள். மலையில் கல்லுக்கா பஞ்சம்!

வலையின் கண் ஒரு அங்குலம் இருக்கட்டும். அதில் மயிலின் அலகு நுழையும், தலை நுழையாது. தேனீ தாராளமாகப் போய்வரும். ஜவ்வாது மலைத் தேன் பெயர் பெற்றது. தேனீக்களை வெளியே நிறுத்திவிட்டு பூசணி காய்க்கவில்லை என்று புலம்பக் கூடாது. பூச்சி வலையை மயிலுக்காக வாங்குபவர்களுக்கு இதுதான் நடக்கிறது. இலை வலையைத் தொட ஆரம்பித்தால் மயில் வெளியில் நின்றே கொத்தித் தின்னும். செடி அந்த உயரம் வந்துவிட்டது என்றால் வலையைக் கழற்றும் நேரமும் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வலை வாங்கும்போது விலை குறைவு என்று மீன்பிடி நரம்பு போல மெல்லிய, கண்ணுக்குத் தெரியாத வலையை எடுக்காதீர்கள். தொய்ந்து கிடக்கும் மெல்லிய வலையில் மயிலின் கால் சிக்கும். ஆண் மயிலுக்குக் காலில் முள் வேறு இருக்கிறது. திமிறத் திமிற இறுகும். சாரைப்பாம்பும் அப்படியே மாட்டும். தடித்த நூல், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நிறம், விறைப்பான கட்டு, இந்த மூன்றும் பறவைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. காலையில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மயில் சிக்கியிருந்தால் தலைமேல் ஒரு துணியைப் போட்டால் அமைதியாகும். உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பாம்பு என்றால் நீங்கள் கை வைக்காமல் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள்.

பாகல், புடலைக்குப் பந்தல் போட்டிருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். கொடி படர்ந்த பந்தலே கூரை. அதன் நான்கு பக்கமும் 5 அடிக்கு வலையைத் தொங்கவிட்டு அடியைக் கல்லால் அழுத்தினால் உள்ளே கீரை விதைக்க ஒரு அறை ரெடி. கொடி முழுதாகப் படரும் வரை மட்டும் மேலேயும் வலை வேண்டும்.

மொட்டைமாடியில்

மாடித் தோட்டத்துக்கு மாடு வராது, அது ஒரு நிம்மதி. மயில் கைப்பிடிச் சுவரில் இறங்கி, அங்கிருந்து தொட்டிகளுக்குள் குதிக்கும். இங்கே 7 அடி உயரத்தில் சட்டம் அமைத்து மேலேயும் பக்கத்திலும் வலை போடுவதே நிரந்தரத் தீர்வு. ஆனால் தளத்தில் துளை போட்டால் மழை ஒழுகும். அதற்குப் பதில் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டின் நடுவில் பைப்பை நிறுத்தி கான்கிரீட் நிரப்புங்கள். ஒவ்வொன்றும் 45 கிலோவுக்கு மேல் வரும். அவற்றைத் தளத்தின் நடுவில் வைக்காமல் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்து, பைப்பைச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள்.

மாடியில் உண்மையான எதிரி காற்று. பசுமை வலை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். ஒரு அங்குலக் கண் உள்ள பறவை வலையில் காற்று ஊடுருவிப் போய்விடும் என்பதால் பக்கவாட்டில் அதுவே நல்லது. நிழல் தேவையென்றால் பசுமை வலையை மேலே மட்டும், கழற்றும்படி கட்டுங்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயல் திருவண்ணாமலை மாவட்டத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் இறக்க வேண்டியது மாடியில் இருக்கும் பசுமை வலையைத்தான்.

உயிர்வேலி போதாதா?

போதும், ஆனால் காத்திருக்க வேண்டும். கிளுவைப் போத்துகளைக் கோடை முடியும் தறுவாயில் வெட்டி, முதல் நல்ல மழைக்கு முன் ஒரு அடிக்கு ஒன்றாக நட்டால் துளிர்க்கும். அது மாடு நுழைய முடியாத அளவுக்கு அடர்ந்து பின்ன இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை இளந்துளிரை ஆடு மேய்ந்துகொண்டே இருக்கும். திருகுகள்ளி சீக்கிரம் வளரும், கால்நடையும் தொடாது. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் வேண்டாம். நடைமுறையில் சரியாக வருவது, மேலே சொன்ன கம்பி வேலியை ஒட்டி உட்பக்கமாகப் போத்து நடுவது. கம்பி துருப்பிடித்துத் தளரும் காலத்தில் கிளுவை பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். கம்பி வேலி போல இல்லாமல் இதை வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மேலே குடை விரித்து, அடியில் ஓட்டை விழும். கன்றுக்குட்டிக்கு அது போதும்.

மின்வேலி வேண்டாமே

வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். மாட்டை மட்டுமல்ல, இருட்டில் வரும் மனிதரையும் கொல்லும். பேட்டரியில் இயங்கி நொடிக்கும் குறைவான துடிப்பாக அதிர்ச்சி தரும் சோலார் வேலி வேறு வகை, அது உயிரைக் கொல்லாது. ஆனால் தமிழ்நாட்டில் 2023-ல் வந்த மின்வேலி பதிவு, ஒழுங்குமுறை விதிகளின்படி அதற்கும் பதிவு தேவை. காட்டை ஒட்டிய பகுதியில் புதிதாகப் போட வனத்துறையின் முன் அனுமதி வாங்க வேண்டும். தவிர, கீழ்க்கம்பியில் புல் உரசினால் அதிர்ச்சி மண்ணுக்குள் போய்விடும். மலையின் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை புல் வெட்ட ஆள் இருக்கிறதா? 5 சென்ட் தோட்டத்துக்கு இது தேவையில்லாத தலைவலி. மயிலுக்கோ இதனால் எந்தப் பலனும் இல்லை.

மாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்

காட்டு விலங்கிலிருந்து மாடு வேறுபடுவது இங்கேதான். "தெரு மாடு" என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவற்றுக்கு வீடு உண்டு, காலையில் பால் கறப்பதற்கு ஆள் உண்டு. அந்த வீட்டின் பெரிய சொத்தே அந்த மாடாக இருக்கும். உங்கள் முள்கம்பியில் அதன் மடி கிழிந்தால் அது தோட்டப் பிரச்சினையாக நிற்காது, இரண்டு குடும்பத்துக்குள் வருஷக் கணக்கில் ஓடும். அதனால்தான் புது வேலியில் நடுக்கம்பி நெடுகப் பழைய துணிக் கிழிசலோ வெள்ளைச் சாக்கு நாடாவோ கட்டச் சொல்கிறார்கள். வழக்கமாக வந்த பாதையில் புதிதாக ஒரு கம்பி இருப்பது இருட்டில் மாட்டுக்குத் தெரியாது. துணி ஆடினால் நிற்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

சட்டமும் கையில் இருக்கிறது. இன்றும் பேசப்படும் 1871-ம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரை அழிக்கும் மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் கொண்டித் தொழுவத்தில் ஒப்படைக்க நிலத்துக்காரருக்கு உரிமை தருகிறது. பவுண்டு என்று தாத்தா காலத்தில் சொல்வார்களே, அதுதான். பல ஊர்களில் அந்தத் தொழுவம் இப்போது பெயருக்குத்தான் இருக்கிறது. மாட்டை உங்கள் வீட்டிலேயே கட்டிப்போட்டு வைப்பதற்கோ அடிப்பதற்கோ அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அதைவிட வேகமாக நடப்பது வேறு ஒன்று. கிழிந்த தண்டையும் குளம்படியையும் அன்று காலையிலேயே போனில் படம் எடுத்துக்கொண்டு, மாட்டுக்காரரை நேரில் கூட்டிவந்து காட்டுவது. "அண்ணா, ராத்திரி மட்டும் கட்டிப் போடுங்க, அறுவடை முடியற வரைக்கும்" என்று கேட்டால் பெரும்பாலும் கேட்பார்கள். அவருடைய நிலத்துப் பக்கம் உங்கள் வேலி வருகிறது என்றால், தூண் குழி தோண்டும் முன்பே அவரைக் கூப்பிட்டு எல்லையைக் காட்டிவிடுங்கள். மேல் வரப்பு யாருடையது என்ற பேச்சும் அப்போதே தீர்ந்துவிடும். வேலியை வரப்புக்கு மேலே போடுவதா, 6 அடி தள்ளிப் போடுவதா என்பது அந்தப் பேச்சைப் பொறுத்துத்தான்.